ஸ்கோர்ஷீட்டைப் பார்த்துச் செஸ் ஆட்டத்தை மறுபடி நகர்த்தும்போது செய்யும் தவறுகள்

ஸ்கோர்ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்டில் ஒவ்வொரு நகர்வாக வைத்துக்கொண்டு வருகிறீர்கள். 12-வது நகர்வில் ஷீட் சொல்லும் காய் அந்தக் கட்டத்துக்குப் போகவே முடியவில்லை. பெரும்பாலானவர்கள் இங்கே செய்வது ஒன்றுதான்: "எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார்" என்று முடிவுகட்டி, ஏதோ ஒரு காயை அங்கே கொண்டுபோய் வைத்து மேலே போவது. ஆனால் தவறு அநேகமாக அந்த இடத்தில் இருக்காது. ஒன்றிரண்டு நகர்வுக்கு முன்பே நடந்திருக்கும். போர்டு இப்போதுதான் காட்டிக்கொடுக்கிறது.

இதைப் பார்ப்பதற்கு 1858-ல் பாரிஸ் ஓப்பரா அரங்கில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் மிகப் பொருத்தமானது. 17 நகர்வுதான். வழக்கமாக எல்லோரும் சறுக்கும் இடங்கள் பலவும் அதில் உண்டு. எதிரே பிரன்ஸ்விக் டியூக்கும் கவுண்ட் இஸுவாரும் சேர்ந்து கறுப்பை ஆடினார்கள். இன்றைய ஷீட்டில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
1. e4 e5       2. Nf3 d6      3. d4 Bg4
4. dxe5 Bxf3   5. Qxf3 dxe5   6. Bc4 Nf6
7. Qb3 Qe7     8. Nc3 c6      9. Bg5 b5
10. Nxb5 cxb5  11. Bxb5+ Nbd7 12. O-O-O Rd8
13. Rxd7 Rxd7  14. Rd1 Qe6    15. Bxd7+ Nxd7
16. Qb8+ Nxb8  17. Rd8#
```

ராஜா K, ராணி Q, யானை R, பிஷப் B, குதிரை N. சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது.

முதலில் போர்டு. வெள்ளைக்கு வலது கை மூலையில் (h1) வெளிர் கட்டம் இருக்க வேண்டும். போர்டைக் கால்வாசி திருப்பி வைத்துவிட்டு, "ராணி தன் நிறத்தில்" என்ற பழக்கத்தில் அடுக்கினால் வெள்ளை ராணி e1-ல் போய் உட்காரும். நாலு நகர்வு வரை ஒன்றும் தெரியாது. 5. Qxf3 வரும்போது ராணிக்கு வழி இருக்காது. இன்னொன்று: கறுப்பின் நகர்வையும் வெள்ளைப் பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிடாத போர்டில் கறுப்புப் பக்கம் உட்கார்ந்து ஆட்டத்தை நகர்த்துபவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

அடுத்தது, அதிகம் பேர் விழும் இடம்: 11-வது நகர்வில் `Nbd7`. கறுப்புக் குதிரைகள் b8-லும் f6-லும் நிற்கின்றன. இரண்டுமே d7-க்குப் போகலாம். அதனால்தான் நடுவில் அந்த b: "b நிரலில் நிற்கும் குதிரை" என்று பொருள். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் f6 குதிரையை எடுத்து d7-ல் வைத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். அது விதிப்படி செல்லும் நகர்வு. போர்டு எதிர்ப்புச் சொல்லாது. வெள்ளையின் காஸ்லிங்கும் தடையில்லாமல் நடக்கும். பிறகு 12-ல் கறுப்பின் `Rd8`. a8 யானைக்கு எதிரே b8 குதிரை இன்னும் நிற்கிறது. h8 யானையை f8 பிஷப் மறைக்கிறது. எந்த யானையும் போக முடியாது. இந்த இடத்தில் ஷீட்டைத் திருத்தினால் ஆட்டமே வேறாகிவிடும். திருத்த வேண்டியது 11-ஐ.

கவனித்திருந்தால் இன்னொரு அறிகுறியும் இருந்தது. f6 குதிரை விலகியதுமே g5 பிஷப் e7 ராணியை வெட்ட வழி திறந்தது; பதிலுக்குப் போவது ஒரு பிஷப் மட்டுமே. நன்றாக ஆடுகிற ஒருவர் அதை எடுக்காமல் காஸ்லிங் செய்தால், அவரைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் போர்டைச் சந்தேகியுங்கள்.

இதிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. f6 குதிரை ராணிக்கு மறைப்பாக நின்றது. நகர்ந்தால் நஷ்டம், ஆனால் நகர விதி தடுக்கவில்லை. அதனால் b எழுத வேண்டியதாயிற்று. ராஜாவுக்கு மறைப்பாக நிற்கும் குதிரை நகரவே கூடாது. அப்போது அடையாள எழுத்து தேவையில்லை. 1. d4 Nf6 2. c4 e6 3. Nc3 Bb4 4. e3 O-O என்று போனபின், வெறும் `Ne2` என்று எழுதியிருந்தால் g1 குதிரை என்றே பொருள். c3 குதிரை b4 பிஷப்பால் கட்டுண்டு கிடக்கிறது. கையால் எழுதுபவர்கள் பழக்கத்தில் `Nge2` என்றும் எழுதுவார்கள். கம்ப்யூட்டர் `Ne2` என்றே காட்டும். இரண்டும் ஒன்றுதான்.

12-ல் வரும் `O-O-O` வை எண்ணிப் பாருங்கள். மூன்று வட்டம் என்றால் ராணிப் பக்கம்: ராஜா c1, யானை d1. அந்த நிலையில் ராஜா பக்கமும் காலியாகத்தான் இருக்கிறது, அதனால் `O-O` என்று படித்தாலும் காஸ்லிங் நடந்துவிடும். அடுத்ததே `Rxd7` வருவதால் இங்கே உடனே மாட்டிக்கொள்வீர்கள்; d நிரலில் வெள்ளைக்கு யானையே இருக்காது. வேறு ஆட்டங்களில் பத்து நகர்வு கழித்துக்கூடத் தெரியவரும்.

கையெழுத்தில் பெரிய B-யும் சின்ன b-யும் ஒன்றுபோலத் தெரிவது பழைய தொல்லை. சின்ன b என்றால் b நிரலின் சிப்பாய். அது a அல்லது c நிரலில்தான் வெட்ட முடியும். ஆகவே `Bxf3`, `Bxd7` போன்றவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லை, பிஷப்தான். a அல்லது c நிரலில் வெட்டும்போது மட்டும் நின்று பாருங்கள். சிலர் x எழுதுவதே இல்லை. `cxb5` என்பது `cb5` என்றோ வெறும் `cb` என்றோ இருக்கலாம்.

ஒரு நகர்வை எழுத விட்டுவிட்ட ஷீட்தான் உண்மையில் கடினம். இதே ஷீட்டில் 8-ல் கறுப்பின் `c6` விடுபட்டதாக வைத்துக்கொள்வோம். அதன்பின் எல்லாம் ஒரு கட்டம் இடம்மாறும்: கறுப்பின் பத்தியில் `Bg5`, வெள்ளையின் பத்தியில் `b5`. கறுப்புக்கு மிஞ்சியிருப்பது f8 பிஷப் ஒன்று, அதன் வழியை e7 ராணி அடைத்திருக்கிறது. ஆக `Bg5` கறுப்புடையது அல்ல. விடுபட்டது எது என்பதைப் பின்னால் வரும் நகர்வுகள் சொல்லும்: `cxb5` நடக்க வேண்டுமானால் சிப்பாய் c6-ல் நின்றிருக்க வேண்டும், அது c6-க்கு வந்த நகர்வு ஷீட்டில் எங்கும் இல்லை. இப்படி, ஒரு காய் எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் எதிராளியின் ஷீட்டைப் பாருங்கள். இருவரும் தனித்தனியாக எழுதுவதால் ஒரே இடத்தில் இருவரும் விடுவது அபூர்வம். ஷீட் பாதியில் நின்றுபோயிருந்தால் அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. நகர்வுக்கு 30 வினாடி கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில், கடிகாரத்தில் 5 நிமிடத்துக்குக் குறைவாக இருப்பவர் எழுதக் கடமைப்பட்டவர் அல்ல.

போகும் வழியில் + குறியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11-ல் `Bxb5+` என்றிருக்கிறது. உங்கள் போர்டில் செக் விழவில்லையென்றால் முன்னாலேயே தவறியிருக்கிறீர்கள். + இல்லாததை மட்டும் நம்பக் கூடாது, பலர் எழுத மறந்துவிடுவார்கள். கடைசியில் x-களை எண்ணுங்கள். இந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு 6 வீதம் 12 வெட்டு. 32-ல் 12 போனால் 20. `Rd8#` வைத்தபின் போர்டில் வெள்ளை 10, கறுப்பு 10 காய்கள் நிற்க வேண்டும்.