ஆஃபர் வந்ததும் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதில் செய்யும் தவறுகள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் நான் வேலை மாறினேன். அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா காலை 8 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குக் கிளம்பிவிடுவார். தாம்பரத்தில் வீடு, ஓ.எம்.ஆரில் ஆபீஸ். போக ஒன்றரை மணி நேரம், வரவும் அதே. ஆஃபர் சொன்ன ஹெச்.ஆரிடம், "கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிள் டைமிங் வேண்டும்" என்றேன். "அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்றார். மானேஜரும் சரி என்றார்.

முதல் மாதம் ஒன்றரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். விரல் வைக்கும் மெஷினில் என் ஷிஃப்ட் 9.30 என்றே இருந்தது. 9.45-ஐத் தாண்டினால் லேட்; மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு. புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு ஏது, சம்பளத்தில் போனது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்ற சொல்லை ஆளுக்கொரு மாதிரி புரிந்துகொண்டோம், அவ்வளவுதான். கால் மணி நேரம் முன்னே பின்னே வரலாம் என்பதுதான் ஹெச்.ஆரின் கணக்கு.

அதனால் மணிக்கணக்காகக் கேளுங்கள். என் விஷயத்தில் இப்படிக் கேட்டிருக்க வேண்டும்: "திங்கள் முதல் வெள்ளி வரை 10 முதல் 6 வரை ஆபீசில் இருப்பேன். மீதி ஒரு மணி நேரத்தை இரவு 9 முதல் 10 வரை வீட்டிலிருந்து பார்ப்பேன். 6 மணிக்கு மேல் கிளையண்ட் கால் வாரம் எத்தனை நாள் இருக்கும்? என் ஷிஃப்டை அட்டெண்டன்ஸில் 10 என்று மாற்றித் தருவீர்களா?" கடைசி இரண்டு கேள்விகள்தான் முக்கியம். வரும் நேரத்தைப் பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஆனால் அக்காவுக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று நெஞ்சு படபடப்பது மாலையில்தான்.

வீட்டு நிலையை ஒரு வரியில் சொன்னால் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் அனுப்ப வேண்டாம்.

எப்போது கேட்பது என்பதிலும் சறுக்குகிறோம். முதல் இன்டர்வியூவில் கேட்டால் உங்கள் வேலைத் திறமையைப் பார்ப்பதற்கு முன்பே இதுதான் பேச்சாகிவிடும். பழைய ஆபீசில் ராஜினாமா மெயில் போட்ட பிறகு கேட்டால், அவர்கள் மறுத்தாலும் நீங்கள் போய்ச் சேரத்தான் வேண்டும். ஆஃபர் வந்து, சம்மதம் சொல்வதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று நாள்தான் சரியான நேரம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலை நேரத்தை மாற்றித் தந்தே ஆகவேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. எழுத்தில் வாங்குவதுதான் பிடி.

அந்த எழுத்தையும் முழுக்கப் படியுங்கள். ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப வேலை நேரம் மாறும்’ என்ற வரி ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இருக்கும். அதை எடுக்கமாட்டார்கள். அப்படி மாற்றுவதானால் 30 நாள் முன்பே சொல்லும்படி கேட்டு, அந்தப் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஆள் ஏற்பாடு செய்ய அந்த அவகாசமாவது வேண்டும்.