"நீங்க தொடருங்க" என்று மட்டும் சொல்லிக் கதையைக் கையில் கொடுத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கதையின் முதல் பத்தி வருகிறது. கீழே "இதை நீங்க தொடருங்க" என்று ஒரு வரி. கதை எந்தப் பக்கம் போக வேண்டும், யாரை விடக்கூடாது, எத்தனை பக்கம், எதுவும் இல்லை. எழுத்துக் குழுக்களில் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதும் தொடர்கதையில் இது வாராவாரம் நடக்கும். கேட்டால் "உங்க இஷ்டம்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களே பிறகு படித்துவிட்டு "நான் இப்படி நினைக்கலையே" என்று முகம் சுளிப்பதும் உண்டு. அவர்கள் சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதி கொடுத்த பத்தியிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் எழுத உட்காருவதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறும் கிளம்புகிறது.

இந்தக் கட்டுரைக்காகவே நான் எழுதிய ஒரு தொடக்கம் இது:

காலிங் பெல் மூன்றாவது முறை அடித்தபோதுதான் செல்வி தையல் மெஷினை நிறுத்தினாள். வாசலில் மாமனார் முருகேசன், கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு. எட்டு வருஷமாக அவர் இந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. "உள்ளே வரலாமா?" என்றார். செல்வி விரலில் சுற்றியிருந்த நூலை அறுத்துப் போட்டாள். "மகேஷ் வேலைக்குப் போயிருக்கான் மாமா," என்றாள்.

இதைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பாதிப் பேர் அடுத்த வரியிலேயே டப்பாவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே கத்தை கத்தையாகப் பணம், அல்லது நிலப் பத்திரம், அல்லது இறந்துபோன மாமியாரின் கடிதம். மீதிப் பேரில் சிலர் போனை அடிக்க வைப்பார்கள்: மகேஷுக்கு ஆக்ஸிடென்ட். இன்னும் சிலர் முருகேசனை அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிய வைப்பார்கள். திசை சொல்லப்படாதபோது வரும் பதற்றம் இது. ஏதாவது நடந்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் கொண்டுவந்த சம்பவத்தை வேறு ஏதாவது ஒரு கதைத் தொடக்கத்தின் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிறதா? அப்படியானால் அது இந்தக் கதையிலிருந்து வந்ததல்ல. ஆக்ஸிடென்ட் போன் எந்தக் கதைக்கும் பொருந்தும்.

சரி, பத்தியில் என்னதான் இருக்கிறது? முருகேசன் ஒரு கேள்வி கேட்டார்: உள்ளே வரலாமா. செல்வி அதற்குப் பதில் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. மகேஷ் இல்லை என்றாள். ஆக, கதை இப்போது நிற்கும் இடம் வாசல்படி. டப்பா பெரிய விஷயமாகத் தெரிந்தாலும் அடுத்த வரி பேச வேண்டியது அவள் விடுவாளா மாட்டாளா என்பதைப் பற்றித்தான். மகன் வீட்டு வாசலில் ஒரு அப்பா அனுமதி கேட்டு நிற்கிறார் என்பதும் சும்மா வந்த விவரம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாமனாரிடம் பேசும்போது கணவனைப் பெயர் சொல்லி, "போயிருக்கான்" என்கிறாள். "அவர் வேலைக்குப் போயிருக்கார் மாமா" என்று சொல்வதுதான் நம் வீடுகளில் அதிகம் கேட்கக் கூடியது. அப்படியானால் இவர்கள் ஒன்றாகப் படித்தவர்களா, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களா, எட்டு வருஷக் கோபத்துக்குக் காரணம் அதுவா? இருக்கலாம். எழுதியவர் கவனிக்காமல் போட்ட விகுதியாகவும் இருக்கலாம். அதனால் இதன் மேல் முழுக் கதையையும் கட்டிவிடக் கூடாது. ஆனால் இதை மீறவும் கூடாது. நீங்கள் எழுதும் பகுதியில் செல்வி திடீரென்று "அவர் வர ராத்திரி ஆகும்" என்று சொன்னால், காரணம் சொல்லத் தெரியாத வாசகருக்குக்கூட ஆள் மாறிவிட்டது போலத் தோன்றும்.

இங்கேதான் மிகச் சாதாரணமான, ஆனால் அதிகம் நடக்கும் தவறு வருகிறது. தொடர்பவர் தன் சொந்த நடைக்குப் போய்விடுவார். கொடுத்த பத்தி இறந்தகாலத்தில் இருக்கும். இவர் "செல்வி யோசிக்கிறாள்" என்று ஆரம்பிப்பார். அங்கே எல்லாம் செல்வியின் கண் வழியாக வந்திருக்கும். இவர் இரண்டாவது வரியிலேயே முருகேசன் மனதுக்குள் புகுந்து அவருடைய குற்ற உணர்ச்சியை ஒரு பத்திக்கு விவரிப்பார். கதை சொல்பவர் அவரை முருகேசன் என்றும், செல்வி மாமா என்றும் அழைக்க, தொடர்பவர் "அந்த முதியவர்" என்று எழுதுவார். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். மூன்று சேர்ந்தால் கதையில் தையல் போட்ட இடம் தெரிந்துவிடும். எழுதுவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயம் குறித்துக்கொண்டால் போதும்: எந்தக் காலம், யார் கண், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், வாக்கியங்கள் எவ்வளவு நீளம்.

யாரை வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லையே என்றால், கொடுத்த பத்தியில் பெயர் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் இருக்க வேண்டியவர்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. யாரையும் கொல்ல வேண்டாம். கொன்றால் உங்களுக்குப் பின்னால் எழுதுபவரின் பாதையையும் அடைக்கிறீர்கள். மகேஷ் இன்னொரு மாதிரிச் சிக்கல். அவன் பெயர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. உடனே பைக் சத்தம் கேட்க வைக்கும் ஆசை வரும். ஆனால் இந்தக் காட்சிக்கு உயிர் இருப்பதே அவன் அங்கே இல்லாததால்தான். அவன் வந்துவிட்டால் பேச வேண்டியவர்கள் அப்பாவும் பிள்ளையும். செல்வி காபி போட அடுப்படிக்குப் போய்விடுவாள், கதையும் அவளோடு போய்விடும். புதிய பாத்திரம், பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் மனதில் வைத்து எழுதினால் இப்படி வரலாம்:

"தெரியும்மா," என்றார் முருகேசன். "அதனாலதான் இந்நேரத்துக்கு வந்தேன்."

செல்வி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. டப்பா மூடியைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மகேஷும் இப்படித்தான், மூடி இருக்கிற எதையும் ரப்பர் பேண்ட் போடாமல் வைக்கமாட்டான். முருகேசன் ஒரு காலின் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"துணி வாங்க ஆள் வர்ற நேரம்," என்றாள். திரும்பிப் போய் நாற்காலி மேல் குவிந்திருந்த ஜாக்கெட்டுகளை எடுத்து மெஷின் மேல் போட்டாள். நாற்காலி காலியானது. வாங்க என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

டப்பா திறக்கவில்லை. ஆனால் கதை ஓரடி நகர்ந்திருக்கிறது. மகேஷ் இல்லாத நேரம் பார்த்தே வந்திருக்கிறார் என்று ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அவர் வந்தது செல்வியிடம்தான் என்று புதிதாக ஒன்று விழுந்தது. அவள் விடுவாளா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது, அதுவும் அவள் வாயால் இல்லை. புதிதாக வந்த பொருள் எதுவும் பெரிதில்லை: ரப்பர் பேண்ட், செருப்பு, நாற்காலி. அடுத்தவர் கையில் கொடுத்தால் அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

நீளம் எவ்வளவு என்று தெரியாதபோது பலர் கதையையே முடித்துவிடுகிறார்கள். "தொடருங்கள்" என்றதை "முடித்துத் தாருங்கள்" என்று எடுத்துக்கொண்டு, எட்டு வருஷப் பகையைப் பத்து வரியில் தீர்த்து, மூவரையும் கட்டிப்பிடித்து அழ வைத்துவிடுவார்கள். என் கணக்கு இது: கொடுத்ததைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை. முப்பது வரி வந்தால் தொண்ணூறுக்கு மேல் போக வேண்டாம். நிறுத்தும் இடம் ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்காத இடமாக இருக்கட்டும். மேலே நாற்காலி காலியானது போல. கத்தியை ஓங்கிய கையோடு நிறுத்துவது பழைய வாரப் பத்திரிகைத் தந்திரம். அடுத்து எழுதுபவருக்கு அது ஒரே ஒரு வழியைத்தான் விட்டுவைக்கும்.

எழுதுவதற்கு முன் ஏதாவது கேட்கலாமா? கேட்கலாம், ஒன்றே ஒன்று. நாயகி யார், முடிவு சோகமா, எந்த ஊர் என்று ஒரு பட்டியலை அனுப்பினால் கேட்டவர் சலித்துவிடுவார். அவரிடம் பதிலும் இருக்காது. "எனக்கு அப்புறம் வேற யாராவது எழுதப் போறாங்களா, இல்லை இதோட முடிச்சிடணுமா?" என்று கேளுங்கள். இதற்கு யாராக இருந்தாலும் பதில் சொல்லிவிடுவார்கள். நீளம், பாத்திரங்களை எவ்வளவு தூரம் மாற்றலாம், எத்தனை முடிச்சை அவிழ்க்கலாம் என்ற மூன்றும் இந்த ஒரு பதிலில் வந்துவிடும்.

பலர் சேர்ந்து எழுதும்போது இந்தக் கேள்வி மட்டும் போதாது என்று 1931லேயே லண்டனில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்த துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சங்கம் அந்த ஆண்டு 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை வெளியிட்டது, ஆளுக்கொரு அத்தியாயம். முன்னால் எழுதியவர் என்ன நினைத்திருந்தார் என்று அடுத்தவருக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு விதி வைத்தார்கள். தன் மனதில் ஒரு முழுத் தீர்வு இல்லாமல் யாரும் புதுச் சிக்கலைக் கொண்டுவரக் கூடாது. முன்னவர் விட்டுச்சென்ற எந்தச் சிக்கலையும் கண்டுகொள்ளாமல் தாண்டக் கூடாது. அந்தத் தீர்வுகளும் புத்தகத்தின் பின்னிணைப்பில் வந்தன. அப்படியிருந்தும் கடைசி அத்தியாயத்தை எழுதிய ஆண்டனி பெர்க்லி அதற்கு வைத்த தலைப்பு, குப்பையைக் கூட்டி அள்ளுவது என்ற பொருளில் இருந்தது.

முதல் விதியை நம் உதாரணத்தில் பொருத்திப் பாருங்கள். "அதனாலதான் இந்நேரத்துக்கு வந்தேன்" என்று முருகேசனைச் சொல்ல வைத்த நான், ஏன் வந்தார் என்று எனக்குள் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறேன்: டப்பாவில் இருப்பது மகேஷின் சின்ன வயதுச் சட்டைகள், அவற்றைப் பிரித்து வேறு ஏதாவது தைத்துத் தர முடியுமா என்று கேட்க வந்தார். அடுத்து எழுதுபவர் இதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு ஒரு பதில் இருந்ததால்தான் செருப்பும் ரப்பர் பேண்டும் ஒரே ஆளுடையதாக வந்தன. பதில் இல்லாமல் மர்மத்தை மட்டும் தூவினால், படிப்பவருக்கு மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, கொடுத்த பத்தியில் ஒன்றுமே இல்லாத நேரமும் உண்டு. "ஒரு ஊரில் ஒரு விவசாயி இருந்தான். அவன் மிகவும் நல்லவன்." இவ்வளவுதான் வந்தது என்றால் எத்தனை தடவை படித்தாலும் அதில் பதில் சொல்லப்படாத கேள்வி கிடைக்காது. அப்போது ஊகித்து நான்கு பக்கம் எழுதி அனுப்பாமல், ஐந்தாறு வரியில் ஒரே ஒரு பிரச்சினையை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்புங்கள்: விவசாயியின் கிணற்றுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். கொடுத்தவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த ஆறு வரியோடு போகும்.