வெயில் காலத்தில் ஓடும் கூல்டிரிங்ஸ் கடை, குளிர் மாதங்களிலும் நிற்க: கிளாஸ் கணக்கும் சூடான எலுமிச்சையும்

கோடையில் குளிர்பானக் கடை போட்டால் கையில் காசு புரளும். அது தினமும் புரளுவதால், எல்லாம் லாபம் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. என் முதல் வருடம் அப்படித்தான் போனது. வெயில் தணிந்து இரண்டே மாதத்தில், எலுமிச்சை வாங்கவே கடன் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். குளிர் மாதங்களுக்கான திட்டத்தைக் குளிர் வந்த பிறகு போட முடியாது, கடை திறக்கும் முதல் வாரமே போட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். எலுமிச்சை ஜூஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தால் மற்ற பானங்களுக்கும் இதே வழிதான்.

படி 1: பாகு காய்ச்சி, ஒரு அளவில் நில்லுங்கள்

சர்க்கரையை ஒவ்வொரு கிளாசிலும் போட்டுக் கலக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் அது சீக்கிரம் கரையாது, பாதி அடியிலேயே தங்கிவிடும். 1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை கரையும் வரை சூடாக்கி, வடிகட்டி ஆறவிடுங்கள். ஏறக்குறைய 1.6 லிட்டர் பாகு கிடைக்கும். 250 மில்லி கிளாசுக்கு 45 மில்லி பாகு, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, 115 மில்லி தண்ணீர். மீதி இடம் ஐஸுக்கு.

அளவுக் கரண்டி இல்லாமல் கையால் ஊற்றக் கூடாது. ஒரு கிளாசுக்கு 10 மில்லி பாகு கூடப் போனால், 150 கிளாசில் ஒன்றரை லிட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு தடவை காய்ச்சும் பாகு அது.

சாற்றை அன்றன்றைக்குப் பிழியுங்கள். தோலை ரொம்ப அழுத்திப் பிழிந்தால் தோலின் எண்ணெயும் சேர்ந்து இறங்கும், கொஞ்ச நேரத்தில் கசப்புத் தட்டும். நான் காலையில் பாதி, மதியம் மீதி என்று இரண்டு தடவையாகப் பிழிகிறேன்.

படி 2: ஐஸைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நாள் வழக்கமாக வருபவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, முதல் மடக்கு நல்லாத்தான் இருக்கு, கடைசி ரெண்டு மடக்கு வெறும் தண்ணியா இருக்கே" என்றார். அன்று மாலை நானே ஒரு கிளாஸ் கலந்து, பத்து நிமிடம் அப்படியே வைத்துக் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

காரணம் இது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் பானத்தை 5 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 300 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். கரைந்தது அத்தனையும் பானத்துக்குள் தண்ணீராகச் சேர்கிறது. அதே பானம் கலக்கும்போதே 10 டிகிரியில் இருந்தால், சுமார் 60 கிராம் கரைந்தால் போதும். 150 கிளாசுக்கு ஐஸ் நீங்கலாக 27 லிட்டர் பானம் ஆகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால், குளிரவைக்க மட்டுமே 8 கிலோ ஐஸ் கரைய வேண்டும். முன்பே குளிர்ந்திருந்தால் 2 கிலோவுக்கும் குறைவு.

ஆகவே பாகையும் தண்ணீரையும் மூடி போட்ட பாட்டில்களில் ஊற்றி, முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பாட்டில்களை ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைக்கலாம். ஆனால் அப்போது அந்தப் பெட்டி ஐஸ் கரைந்துதான் பாட்டில் குளிர்கிறது, அதனால் ஐஸ் செலவு மிச்சமாகாது. பானம் நீர்த்துப்போகாது என்ற பலன் மட்டும் கிடைக்கும்.

பாட்டில் புதைக்கும் பெட்டியும், கிளாசில் போடும் ஐஸ் இருக்கும் பெட்டியும் தனித்தனியாக இருக்க வேண்டும். கிளாசில் போடுவது குடிநீரில் செய்த ஐஸ்தான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அந்தப் பெட்டிக்குள் கையை விடாமல் கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும்.

படி 3: எல்லாவற்றையும் கிளாசாக எண்ணுங்கள்

ஒரு கிளாஸ் விற்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், தண்ணீர், கப் எல்லாம் சேர்ந்து 40 ஆகிறது என்றால் கையில் நிற்பது 60. உங்கள் எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள், எலுமிச்சை விலை ஏறினால் திரும்பவும் போடுங்கள். இந்த 60-ஐத்தான் நான் 'ஒரு கிளாஸ்' என்று எண்ணுகிறேன்.

இனி மற்ற செலவுகளையும் அதே கணக்கில் சொல்லலாம். இட வாடகை, உதவியாள் கூலி, வண்டிச் செலவு சேர்ந்து ஒரு நாளைக்கு 2400 என்றால், 60-ஆல் வகுக்க 40 கிளாஸ். வீட்டுச் செலவு 3000 என்றால் 50 கிளாஸ். கடை திறக்காத நாட்களின் வீட்டுச் செலவையும் திறக்கும் நாட்களின் மேல் பிரித்துப் போட்டுத்தான் இந்த 3000. ஆக, தினமும் 90 கிளாஸ் விற்றால் கடையும் வீடும் கைகடிக்காமல் ஓடும். அந்த 90-ஐ ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

வெயில் உச்சத்தில் 150 கிளாஸ் போகிறது என்றால் மிச்சம் 60 கிளாஸ். இதுதான் குளிர் மாதங்களின் பணம். கடை மூடும்போதே இதை வேறு டப்பாவில் போடுங்கள், வாரம் ஒரு முறை வங்கியில் கட்டிவிடுங்கள். மாசக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இருக்காது. எனக்கு இருந்ததில்லை.

படி 4: வருடத்தை ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்

கடும் வெயிலுக்கு 100 நாள், மிதமான காலத்துக்கு 100 நாள், குளிருக்கு 100 நாள் என்று வைப்போம். வெயிலில் தினம் 60 மிச்சம், 100 நாளில் 6000 கிளாஸ். மிதமான காலத்தில் 90 போகும், மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. குளிரில் 40 போகிறது. அது கடைச் செலவுக்கே சரியாகிவிடும், வீட்டுக்குத் தினம் 50 குறையும். 100 நாளில் 5000. 6000 இருக்கிறதே, சமாளித்துவிடலாம் என்று தோன்றும்.

இங்கேதான் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாள் மழை பெய்து 30 கிளாஸ்தான் போனால், வர வேண்டிய 60 மிச்சம் வராததோடு 60 குறையும் விழும். ஒரே நாளில் 120 கிளாஸ் சரிவு. பத்து நாள் அப்படிப் போனால் 1200. 6000 இருந்த இடத்தில் 4800தான், தேவையோ 5000. நான் கடன் கேட்டது இந்த இடத்தில்தான்.

படி 5: குளிருக்கு ஒரே ஒரு சூடான பானம்

குளிர் வந்ததும் நாலைந்து புதுச் சரக்கு இறக்குகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். விற்காத சரக்கில் முடங்கும் பணம் நீங்கள் சேர்த்த அந்த கிளாஸ்கள்தான். கையில் இருக்கும் பாகையும் எலுமிச்சையையும் வைத்தே ஒன்று செய்யுங்கள்.

1 லிட்டர் பாகில் 100 கிராம் இஞ்சியை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். 170 மில்லி கப்புக்கு இந்த இஞ்சிப் பாகு 30 மில்லி, சூடான தண்ணீர் 120 மில்லி, கடைசியாக எலுமிச்சைச் சாறு 15 மில்லி. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து ஓரிரு நிமிடம் விட்டு ஊற்றினால், சாற்றின் புது வாசனை நிற்கும். மொத்தமாகக் கலந்து ஃபிளாஸ்கில் வைக்கவும் கூடாது, ஒரு மணி நேரத்தில் மணம் போய்க் கசக்கத் தொடங்கும். ஃபிளாஸ்கில் வெந்நீர் மட்டும் இருக்கட்டும், கலப்பது கேட்கும்போது. கோடையில் மிஞ்சிய மெல்லிய பிளாஸ்டிக் கிளாசில் இதை ஊற்றாதீர்கள், சூட்டில் நெளியும். தடித்த காகிதக் கப் தனியாக வாங்க வேண்டும்.

நேரமும் மாறும். குளிர்பானம் நடுப்பகலில் போகும், சூடானது அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் போகும். நடுப்பகல் நேரத்தைக் குறைத்து உதவியாளை அரை நாளுக்கு மட்டும் வைத்தால், கடைச் செலவு 40 கிளாசிலிருந்து 30 ஆகலாம். இதை அவரிடம் கோடையிலேயே பேசி வைத்துவிடுங்கள். திடீரென்று பாதிக் கூலி என்றால் அவர் வீடு என்ன ஆகும்?

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். குறை 50-லிருந்து 40 ஆகிவிட்டது. சூடான கப்பின் விலை குறைவு, கையில் 60-க்குப் பதில் 45தான் நிற்கும் என்று வைப்போம். தினம் 30 கப் போனால் 1350, அதாவது 22 கிளாசுக்கு மேல். குறை 18-க்குள் வந்துவிடும், 100 நாளைக்கு 1800. கையில் இருக்கும் 4800 தாராளமாகத் தாங்கும். சூடான கப் பத்துதான் போகிறது என்றாலும் தாங்கும்.

படி 6: எப்போது மாறுவது

நாள்காட்டியைப் பார்த்து மாறாதீர்கள். ஐஸ் பெட்டியைப் பாருங்கள். கடை மூடும்போது எவ்வளவு ஐஸ் மிஞ்சியது என்று தினமும் எழுதிவையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து கால் பங்குக்கு மேல் மிஞ்சினால், நாலாம் நாள் ஐஸ் வாங்குவதைக் குறையுங்கள். நான் முதல் வருடம் பழக்கத்தில் அதே அளவு வாங்கிக்கொண்டே இருந்தேன், தினமும் பாதி ஐஸ் சாக்கடையில் போனது.

அடுத்த அறிகுறி, ஒரு வாரச் சராசரி 90-க்குக் கீழே இறங்குவது. அன்றே சூடான பானத்தைத் தொடங்குங்கள். 40 ஆகும் வரை காத்திருந்தால், சாயங்காலம் அந்த வழியாகப் போகிறவர்கள் சூடாகக் குடிக்க வேறு இடம் பழகியிருப்பார்கள். முதல் வாரம் நாலைந்து கப்தான் போகும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஃபிளாஸ்கைக் கண்ணில் படும்படி வையுங்கள், எலுமிச்சை ஜூஸ் கேட்டு வருபவரிடம் "சூடாகவும் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.