எலக்ட்ரானுக்கு ஒளியின் கணக்கைப் போடாதீர்கள்

போன மாதம் எங்கள் வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டி, வெயில் புழுக்கத்தில் எலக்ட்ரான் விளிம்பு விளைவுக் குழாயை ஓட்டிக்கொண்டிருந்தோம். குடியாத்தத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், கணக்குப்படி இந்த வெளி வளையம் வரவே கூடாது. ஆனா வருதே" என்றான். இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த அதே பிழை. அவன் கேட்டான், நான் கேட்கவில்லை. அதனால் எனக்கு ஒரு குழாய் போனது.

அலகு மாற்ற மறப்பது, வர்க்கமூலத்தை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைக் கால்குலேட்டரே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆற்றலிலிருந்து நேராக அலைநீளத்துக்குத் தாவுவது

குழாய் எளிமையானதுதான். சூடான இழையிலிருந்து வரும் எலக்ட்ரான்களை 4 கிலோவோல்ட் முடுக்குகிறது. அவை மெல்லிய கிராஃபைட் படலத்தைத் துளைத்து, 13.5 சென்டிமீட்டர் தள்ளியுள்ள திரையில் விழுகின்றன. நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி, அதைச் சுற்றி இரண்டு பச்சை வளையங்கள். கிராஃபைட்டில் இந்த வளையங்களைத் தரும் அணுத்தள இடைவெளிகள் 2.13, 1.23 ஆங்ஸ்ட்ராம்.

எலக்ட்ரானின் ஆற்றல் 4000 எலக்ட்ரான் வோல்ட். உடனே கை தானாக 12400-ஐ 4000-ஆல் வகுக்கும். விடை 3.1 ஆங்ஸ்ட்ராம். அந்த 12400 என்பது hc; ஒளிமின் விளைவுப் பாடத்தில் மனப்பாடம் ஆன எண். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, இந்தத் தப்பான விடை பார்க்க அவ்வளவு சரியாக இருப்பதுதான். "படிகத்தில் விளிம்பு விளைவு வர அலைநீளம் அணு இடைவெளி அளவில் இருக்க வேண்டும்" என்று படித்திருக்கிறோம். 3.1 அந்த அளவில்தானே இருக்கிறது? யாருக்கும் சந்தேகம் வராது.

எனக்கும் வரவில்லை. 2d sin θ = λ என்ற பிராக் சமன்பாட்டில் போட்டேன்: 2.13 இடைவெளிக்குக் கற்றை கிட்டத்தட்ட 93 பாகை திரும்ப வேண்டும் என்று வந்தது. அப்படியானால் வளையம் திரைக்கே வராது. எதிரில் தெரிந்த சின்ன வளையங்களைக் கண்ணாடியில் பட்ட எதிரொளிப்பு என்று முடிவு கட்டினேன். "நிஜ" வளையத்தைத் திரைக்குள் இழுக்க மின்னழுத்தத்தை ஏற்றினேன். வெளிச்சம் போதவில்லை என்று இழையின் சூட்டையும் ஏற்றினேன். எங்கள் குழாயில் கற்றை மின்னோட்டம் 0.2 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வளையங்கள் மங்கி, வெறும் புள்ளி மட்டும் மிஞ்சியது. படலத்தில் கற்றை பட்ட இடம் எரிந்துவிட்டிருந்தது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் வகுப்புக்கு அந்தச் சோதனை கிடையாது. என்னைத் திட்டாத ஆளும் கிடையாது.

தவறு எங்கே? λ = h/p என்பது ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் பொது. ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள உறவுதான் வேறு. ஒளிக்கு p = E/c. நிறை உள்ள, மெதுவாகப் போகும் எலக்ட்ரானுக்கு p = √(2mE). 4000 எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் அதே ஆற்றலுள்ள ஃபோட்டானைவிட அதன் உந்தம் 16 மடங்கு. ஆகவே அலைநீளம் 16 மடங்கு குறைவு.

```
p = √(2 × 9.11e-31 × 1.602e-19 × 4000)
  = 3.42e-23 kg m/s
λ = 6.626e-34 / 3.42e-23
  = 1.94e-11 m = 0.194 Å
```

பாடப்புத்தகத்தின் 12.27/√V இதையே நேராகத் தரும். இப்போது பிராக் சமன்பாட்டில் போட்டால் 2.13 இடைவெளிக்குக் கற்றை 5.2 பாகை திரும்பும், திரையில் விட்டம் சுமார் 2.5 சென்டிமீட்டர். 1.23-க்கு 9 பாகை, விட்டம் 4.3 சென்டிமீட்டர். ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதுவேதான் இருக்கும்.

கணக்கு தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்தக் குடியாத்தம் பையன் பிடித்தது: 3.1-ஐ 1.23-இன் இரு மடங்கால் வகுத்தால் சைன் மதிப்பு 1.26 வருகிறது. அப்படி ஒரு கோணமே இல்லை, ஆனால் வளையம் கண்முன் நிற்கிறது. இன்னொன்று, மின்னழுத்தத்தை 2.5-லிருந்து 5 கிலோவோல்ட்டுக்கு மாற்றுவது. அலைநீளம் ஒளியின் சூத்திரப்படி மாறினால் உள் வளையம் பாதியாக வேண்டும். அது 3.1 சென்டிமீட்டரிலிருந்து 2.2-க்குத்தான் சுருங்கும், அதாவது √2-ஆல் வகுத்த அளவு.

"சமமாக இருந்தால்தான் விளிம்பு விளைவு" என்ற நினைப்பு

என்னை ஏமாற்றிய வாக்கியத்தையும் தீர்த்துவிடுவோம். 0.194 என்பது 2.13-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் வளையம் வருகிறது. அலைநீளம் தள இடைவெளியின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. அது மேல் வரம்பு. கீழே அப்படிக் கறாரான வரம்பு கிடையாது. அலைநீளம் குறையக் குறையக் கோணம் சிறுத்துக்கொண்டே போகும், கடைசியில் நடுப்புள்ளியோடு ஒட்டிவிடும்.

படிகம் ஏன் வேண்டும் என்பதும் இதில்தான் இருக்கிறது. சோடிய விளக்குக்கு நாம் வைக்கும் கீற்றணியில் அங்குலத்துக்கு 15000 கோடுகள்; ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் சுமார் 17000 ஆங்ஸ்ட்ராம். நம் எலக்ட்ரான் அலை அதில் விழுந்தால், 13.5 சென்டிமீட்டர் தள்ளி முதல் வரிசை நடுப்புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் விலகும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. படிகத்தின் இடைவெளி அதைவிட எட்டாயிரம் மடங்கு நெருக்கம் என்பதால்தான் அந்த விலகல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வருகிறது.

சரியாக இரு மடங்கு வந்தால்

கொஞ்சம் யோசிக்கிற மாணவர்கள் செய்யும் பிழை இது. c போடக் கூடாது என்று புரிந்துகொண்டு, அந்த இடத்தில் எலக்ட்ரானின் வேகம் v-ஐப் போடுவார்கள்: E = hν, ½mv² = hν, λ = v/ν. விடை 2h/mv, அதாவது 0.388 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் போகும் v என்பது அலைத்தொகுதியின் வேகம். λν தருவது தனி அலை முகட்டின் வேகம். இந்தக் கணக்கில் அது v-இல் பாதி. நோட்டில் துல்லியமாக இரு மடங்கு பார்த்தால் நான் வேறெதையும் தேடுவதில்லை. அதிர்வெண்ணைத் தொடாமல் உந்தத்தின் வழியே போங்கள்.

50 பாகையா, 65 பாகையா

1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் 54 வோல்ட்டில் பெற்ற உச்சம், படுகற்றையிலிருந்து 50 பாகையில். கற்றைக்கும் படிகத்தின் உள்தளங்களுக்கும் இடையிலான கோணம் 65 பாகை. பரப்பிலுள்ள அணு வரிசைகளின் இடைவெளி 2.15 ஆங்ஸ்ட்ராமை எடுத்தால் அதை sin 50°-ஆல் பெருக்க வேண்டும், உள்தளங்களின் இடைவெளி 0.91-ஐ எடுத்தால் 2 sin 65°-ஆல். இரண்டிலும் அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம் வரும். 2.15-ஐ 65-உடன் சேர்த்தால் கதை கந்தல்.

சார்பியல் திருத்தம்

4 கிலோவோல்ட்டில் 0.2 சதவீதம், விட்டுவிடலாம். 100 கிலோவோல்ட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அலைநீளம் 0.0388 ஆங்ஸ்ட்ராம் அல்ல, 0.0370.

வளையம் காட்டும் கோணம்

அது 2θ. θ அல்ல.