கிரய ஒப்பந்த வரைவைச் சரிபார்க்கச் சொல்லி வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

மனைக்கு விலை பேசி முடிந்ததும் விற்பவர் தரப்பிலிருந்து கிரய ஒப்பந்தத்தின் வரைவு வரும். பலரும் அதை அப்படியே வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் சார்" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வரைவில் எழுதியிருப்பது சட்டப்படி செல்லுமா என்பதை அவர் அதிலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் நீங்கள் வாய்மொழியாகப் பேசி முடித்த ஒன்று வரைவில் விடுபட்டிருந்தால், நீங்கள் சொல்லாமல் அது அவருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான பிறகு ஒரு ஷரத்தை மாற்ற வேண்டுமானால் இரு தரப்பும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகம் சென்று கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் உங்களிடம் பிடிமானம் குறைவு. ஆகவே சரிபார்ப்பு பதிவுக்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கடிதத்தைப் பகுதி பகுதியாக எழுதுவோம். திருச்சி புறநகரில் 1,200 சதுர அடி மனை. விலை 42 லட்சம் ரூபாய். முன்பணம் 4 லட்சம். மீதியில் 30 லட்சம் வங்கிக் கடன். மனை தந்தை பெயரில் உள்ளது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவியும் மகனும் விற்கிறார்கள். திருமணமாகிக் கோவையில் வசிக்கும் மகளின் பெயர் வரைவில் இல்லை.

படி 1: வரைவுக்கு எண் இடுங்கள்

கிரய ஒப்பந்த வரைவுகள் பெரும்பாலும் எண் இல்லாத நீண்ட பத்திகளாகவே இருக்கும். அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பென்சிலால் எண் இட்டு, அந்தப் பிரதியை ஸ்கேன் செய்து இணையுங்கள். "முன்பணம் பற்றிய பகுதி" என்று எழுதினால் மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கும்; "6ஆம் பத்தி" என்றால் தேட வேண்டியதில்லை. திருத்துவதற்கு வசதியாக வேர்டு கோப்பையும் விற்பவர் தரப்பிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றில் கையில் உள்ளவை எவை, இன்னும் வராதவை எவை என்பதையும் குறிப்பிடுங்கள்.

படி 2: பேசி முடித்தவற்றைத் தனியாக எழுதுங்கள்

இதைச் சொல்லாவிட்டால், முடிந்துபோன விலையையும் முன்பணத்தையும் பற்றி வழக்கறிஞர் மறுபடி கேள்வி எழுப்ப நேரிடும்; நாட்கள் வீணாகும். எடுத்துக்காட்டுக் கடிதத்தின் தொடக்கம் இப்படி அமையலாம்:

> மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு, வணக்கம். திருச்சியில் நான் வாங்க இருக்கும் மனையின் கிரய ஒப்பந்த வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். நான் எழுதி வாங்குபவர். விலை 42 லட்சம் ரூபாய் என்பதும், முன்பணம் 4 லட்சத்தை வங்கி வழியாகச் செலுத்துவது என்பதும், பதிவுச் செலவு என்னுடையது என்பதும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை. இவற்றை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. வரைவின் வாசகம் இவற்றோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுகிறேன். இவற்றில் எதுவும் சட்டப்படி எனக்குப் பாதகமானால் அதை அவசியம் தெரிவியுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக விற்பவர் வாய்மொழியாகச் சொன்னார். அது வரைவில் இல்லை.

கடைசி வாக்கியத்தை உற்றுப் பாருங்கள். எழுத்தில் உறுதியானதையும் வாய்மொழியாகச் சொன்னதையும் ஒரே வரிசையில் அடுக்கக் கூடாது. தரகர் மட்டும் சொன்னதாக இருந்தால் அதையும் "தரகர் சொன்னார்" என்றே எழுத வேண்டும். தரகர் கொடுத்த வாக்கு விற்பவர் கொடுத்த வாக்காகிவிடாது.

படி 3: கவலையை நடக்கக்கூடிய நிகழ்வாக எழுதுங்கள்

கடிதத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. "முன்பண ஷரத்து பயமாக இருக்கிறது" என்று எழுதினால் வழக்கறிஞரால் அதிகம் செய்ய முடியாது. எந்தப் பத்தி, என்ன நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள், அப்படி நடந்தால் உங்களுக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

> 6ஆம் பத்தியின்படி, ஒப்பந்தத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் நான் மீதத் தொகையைச் செலுத்திக் கிரயம் பெறாவிட்டால் முன்பணம் முழுவதையும் இழக்க நேரிடும். ஆனால் அசல் ஆவணங்களைப் பார்க்காமல் வங்கி கடனை முடிவு செய்யாது. அவற்றை விற்பவர் எப்போது தருவார் என்று வரைவு சொல்லவில்லை. அவர் 60ஆம் நாளில் தந்தால் எனக்கு 30 நாட்களே மிஞ்சும். எனவே ஆவணங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கெடு தொடங்க வேண்டும் என்பதும், ஆவணக் குறையால் வங்கி கடனை மறுத்தால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்பதும் என் விருப்பம்.

இதைப் படிக்கும் வழக்கறிஞர் எந்த வரியை மாற்ற வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று உடனே முடிவெடுத்துவிடுவார். அடுத்த கவலை மகளைப் பற்றியது.

> 2ஆம் பத்தியில் தாயும் மகனும் மட்டுமே எழுதிக் கொடுப்பவர்களாக உள்ளனர். மகள் கிரயத்தன்று வந்து கையெழுத்திடுவார் என்று தரகர் சொல்கிறார். அவர் பிறகு மறுத்தால் முன்பணம் முடங்கும் என்று அஞ்சுகிறேன். அவரை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டுமா என்று தெரிவியுங்கள். இறந்தவரின் தாயார் உயிருடன் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அவருடைய பங்கு போய்விடுவதில்லை. பேரப்பிள்ளைகள் சொத்தை விற்கும்போது பாட்டியின் பங்கைப் பலரும் மறந்துவிடுவதால், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதியே ஆக வேண்டும். அந்தக் குடும்பத்தை நேரில் பார்த்தவர் நீங்கள்தான், வழக்கறிஞர் பார்த்ததில்லை.

உண்மையான கவலைகள் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால், பணம் போகக்கூடியதை முதலில் வையுங்கள். எழுத்துப்பிழைகளைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

படி 4: கெடுவைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

"அவசரம்" என்பது கெடு ஆகாது. பதிவு மார்ச் 20 வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தங்களைப் படித்து ஒப்புக்கொள்ள விற்பவருக்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். அப்படியானால் உங்களுக்குப் பதில் 16 திங்கள் மாலைக்குள் வர வேண்டும். கடிதம் 9ஆம் தேதியே போய்விட வேண்டும்.

> பதிவு மார்ச் 20 அன்று நடக்க இருப்பதால், தங்கள் கருத்து 16ஆம் தேதி மாலைக்குள் கிடைத்தால் விற்பவரிடம் பேச நேரம் இருக்கும். அதற்குள் இயலாது என்றால் இப்போதே தெரிவித்தால் பதிவுத் தேதியைத் தள்ளி வைக்கிறேன். திருத்தங்களை வேர்டு கோப்பிலேயே குறித்துத் தர வேண்டுகிறேன். தங்கள் கட்டணத்தையும் தெரிவியுங்கள்.

தேதியைத் தள்ளி வைக்கத் தயார் என்ற வாக்கியம் மெய்யாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வங்கியின் அனுமதிக் கடிதம் காலாவதியாவது போன்ற காரணத்தால் தள்ளவே முடியாது என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

படி 5: அனுப்பும் முன்னும் பின்னும்

வரைவைத் தயாரித்தவரும் நீங்கள் அணுகுபவரும் ஒரே வழக்கறிஞரா என்று பாருங்கள். ஒருவரே என்றால் வேறொருவரிடம் செல்லுங்கள். விற்பவருக்காக எழுதியவரிடம் உங்கள் கவலைகளை ஒப்படைப்பது சரியாகாது. இந்தக் கடிதத்தைத் தரகருக்கோ விற்பவருக்கோ பகிராதீர்கள். எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்குத் திருத்திய வரைவு மட்டும் போகட்டும்.

இடையில் விற்பவர் வேறு வரைவு அனுப்பினால், பழையதையே வழக்கறிஞர் படித்துக்கொண்டிருக்க விடாமல் அன்றே தெரிவித்து, எந்தப் பத்திகள் மாறியுள்ளன என்று எண்ணோடு எழுதி அனுப்புங்கள். பதிவுக்கு முதல் நாள், பத்திரத்தில் அச்சிடப்போகும் பிரதியை வழக்கறிஞர் திருத்திய கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். 2ஆம் பத்தியையும் 6ஆம் பத்தியையும் இருமுறை படியுங்கள்.