ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா, கமிஷனா: மூன்று வேலைகளை ஒரே கணக்கில் ஒப்பிடும் முறை

திருப்பூரில் தையல் தெரிந்த ஒருவர் வேலை தேடினால், ஒரே வாரத்தில் மூன்று விதமான சம்பளப் பேச்சு அவர் காதில் விழக்கூடும். ஒரு பனியன் கம்பெனி ஷிப்டுக்கு 600 ரூபாய் என்கிறது. இன்னொரு கம்பெனி, டி-ஷர்ட்டில் கை ஏற்றுவதற்கு பீஸுக்கு 1 ரூபாய் 40 காசு என்றும், கை வேகம் உள்ளவர் தினமும் 780 ரூபாய்க்கு மேல் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. நூல், எலாஸ்டிக், பட்டன் விற்கும் கடையோ, மாதம் 9,000 ரூபாய் சம்பளமும் பிடிக்கும் ஆர்டருக்கு 2 சதவீதக் கமிஷனும் தருவதாகச் சொல்கிறது. இந்தத் தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்படும் தொகையை அந்த இடத்தில் போட்டுக் கணக்குப் பார்க்கலாம்.

படி 1: வேலை நின்றால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள்

ஷிப்ட் சம்பளத்தில் நீங்கள் விற்பது நேரம். கட்டிங் வரவில்லை, மிஷின் பழுதாகிவிட்டது, நூல் நிறம் மாறி வந்துவிட்டது என்று இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலும் அந்த நேரத்துக்கான கூலி ஓடிக்கொண்டிருக்கும், நஷ்டம் கம்பெனிக்கு. பீஸ் ரேட்டில் அதே இரண்டு மணி நேரம் உங்கள் கணக்கில் விழுகிறது. கமிஷனிலோ உங்கள் உழைப்போடு வாடிக்கையாளரின் மனமும், பல இடங்களில் அவர் பணம் கட்டும் நாளும் சேர்ந்துதான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. பீஸ் ரேட்டும் கமிஷனும் பேச்சில் பெரிய தொகையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், அந்த நஷ்டத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான்.

படி 2: எல்லாவற்றையும் மணிக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்

கைக்கு வரும் தொகையிலிருந்து, வேலைக்காக உங்கள் பையிலிருந்து போகும் செலவைக் கழித்து, வேலைக்குக் கொடுத்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். சும்மா காத்திருந்த நேரமும் இந்த மணிக் கணக்கில் சேரும்.

எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் என்றால் மணிக்கு 75 ரூபாய். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் "ஒன்றரை ஷிப்ட்" என்று சொல்லி, கூடுதலாகப் பார்க்கும் நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலியாக 300 ரூபாய் சேர்த்து 900 ரூபாய் தருவது பழகிப்போன வழக்கம். தொகை கூடினாலும் மணிக் கூலி அதே 75 ரூபாய்தான். தொழிற்சாலைகளில் சட்டப்படியான வேலை நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்பதால், அந்த நான்கு மணி நேரத்துக்கு 600 ரூபாய் வந்திருக்க வேண்டும். எனவே ஒருவர் 900 ரூபாய் என்று சொன்னால், அது எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்காமல் மற்ற வேலையோடு ஒப்பிடாதீர்கள்.

படி 3: பீஸ் ரேட்டை ஒரு முழு வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள்

ஆரம்பத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மணிக்கு 70 பீஸ் என்றால் எட்டு மணி நேரத்தில் 560 பீஸ், அதற்கு 784 ரூபாய். மணிக்கு 98 ரூபாய் விழுகிறது. ஷிப்ட் கூலியைவிட இது நன்றாகவே அதிகம். ஆனால் இந்தக் கணக்கு, காலையிலிருந்து மாலை வரை பண்டல் தடையில்லாமல் வரும் நாளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஸ்டைல் மாறும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். புது ஸ்டைலில் கை பழகும் வரை முதல் இரண்டு நாளும் 300 பீஸ்தான் வருகிறது. மூன்று நாள் முழு வேகத்தில் 560 பீஸ் போகிறது. ஒரு நாள் கட்டிங் தாமதமாகி 200 பீஸோடு நின்றுவிடுகிறது. மொத்தம் 2,480 பீஸ், 3,472 ரூபாய். கம்பெனிக்குள் இருந்த 48 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய் சொச்சம். அதே வாரத்தில் ஷிப்ட்காரர் 3,600 ரூபாய் வாங்கியிருப்பார். செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது. அதையும் சேர்த்தால் இது இன்னும் இறங்கும்.

ஆகவே பீஸுக்கு எவ்வளவு என்பதைவிட, வாரத்தில் எத்தனை நாள் முழு வேலை இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை ஸ்டைல் மாறுகிறது என்ற கேள்விகள்தான் முக்கியம். இதை மேனேஜரிடம் கேட்பதைவிட, டீ நேரத்தில் வெளியே வரும் தையல்காரரிடம் "போன சனிக்கிழமை கையில் எவ்வளவு வாங்கினீங்க, அதற்கு முந்தின வாரம் எவ்வளவு?" என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். இரண்டு வாரத் தொகைகளும் வெகுவாக மாறுபட்டால் அங்கே வேலை சீராக வருவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பீஸ் ரேட் என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விலகிவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நேர அடிப்படையில் மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், பீஸ் கணக்கில் வருவது அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

படி 4: கமிஷன் எந்தக் கட்டத்தில் உங்களுடையதாகிறது என்று கேளுங்கள்

2 சதவீதம் என்றால் எதில் 2 சதவீதம்? ஆர்டர் பிடித்தவுடனா, பில் போட்டவுடனா, பணம் வசூலான பிறகா? எங்கள் ஊர்த் துணைப்பொருள் வியாபாரத்தில் சரக்கு கடனில் போவது சாதாரணம் என்பதால், வசூலான பிறகுதான் கமிஷன் என்றால் முதல் இரண்டு மாதம் 9,000 ரூபாயை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டியிருக்கலாம். பெட்ரோலுக்குச் சொந்தப் பணத்தில் 2,500 ரூபாய் போனால் மிச்சம் 6,500 ரூபாய். தினமும் பத்து மணி நேரம் வீதம் 26 நாள் அலைந்தால் மணிக்கு 25 ரூபாய்தான்.

வசூல் ஓடத் தொடங்கிய பிறகு, மாதம் 2 லட்சம் வந்தால் மணிக்கு 40 ரூபாய், 6 லட்சம் வந்தால் 71 ரூபாய், 10 லட்சம் வந்தால் சுமார் 102 ரூபாய். அதாவது ஷிப்ட் கூலியைத் தாண்டவே 6 லட்சத்துக்கு மேல் வசூலாக வேண்டும். உங்களுக்கு முன்னால் அந்த ஏரியாவைப் பார்த்தவர் எவ்வளவு செய்தார் என்பது தெரியாமல் இந்த வேலைக்குத் தலையாட்டுவது என் பார்வையில் சூதாட்டம்தான்.

படி 5: பிடித்தத்தைப் பாருங்கள்

ஷிப்ட் வேலையில் பி.எஃப்.புக்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடித்தால் கைக்கு வருவது குறையும். ஆனால் முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறார். காண்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டில் சேர்ப்பவர்கள் இதைக் கட்டாமல் விடுவதுண்டு. கையில் சற்றுக் கூடுதலாகத் தெரிவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால், பி.எஃப். எண் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தையலுக்குப் புதியவராக இருந்தால் கை வேகம் வரும் வரை ஷிப்டில் இருப்பதையும், வேகம் வந்த பிறகு ஒரே ஸ்டைல் நீண்ட நாள் ஓடும் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு மாறுவதையும்தான் நான் சொல்வேன். கமிஷன் வேலைக்குப் போவதானால் மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். சரக்கு திரும்பி வந்தால் கொடுத்த கமிஷனைப் பிடிப்பார்களா, வேலையை விட்ட பிறகு வசூலாகும் பழைய பில்லுக்குக் கமிஷன் உண்டா என்ற இரண்டையும் சேரும் முன்பே எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப் செய்தியாகவாவது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.