14 பேரிடம் கேட்டதை எல்லா இளைஞர்களுக்கும் ஏற்றாதீர்கள்: ஆய்வுச் சுருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தன்னார்வத் தொண்டு இளைஞர்களின் குடிமை அடையாளத்தை வலுப்படுத்துகிறது என இவ்வாய்வு நிறுவுகிறது." சிறு ஆய்வுகளின் சுருக்கங்களில் இப்படி ஒரு வரி எளிதாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கட்டுரையை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், மதிப்பீட்டாளருக்கு இந்த வரியிலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு கற்பனை ஆய்வை வைத்துப் பார்ப்போம். ஓராண்டுக்கு மேலாகத் தொண்டு செய்துவரும் 18 முதல் 24 வயது வரையிலான 14 பேரிடம் ஒரே ஒருமுறை நேர்காணல் நடக்கிறது. "பொதுப் பிரச்சினைகளில் எனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் தொண்டுக்கு வந்த பிறகுதான் வந்தது" என்கிற பொருளில் 10 பேர் சொல்கிறார்கள். அப்படியானால் மேலே உள்ள வரி சரிதானே என்று தோன்றும். சரியில்லை. முன்பே அக்கறை இருந்தவர்கள்தான் தொண்டுக்கு வந்திருக்கலாம். இரண்டே மாதத்தில் விலகிப்போனவர்களை யாரும் கேட்கவில்லை, தொண்டே செய்யாதவர்களையும் கேட்கவில்லை. 'முன்பு நான் எப்படி இருந்தேன்' என்பதும் இன்றைய நினைவிலிருந்து சொல்வதுதான். இந்த ஆய்வு காட்டுவது, தொண்டில் நிலைத்தவர்கள் தங்கள் மாற்றத்தை எப்படி விவரிக்கிறார்கள் என்பதை. அதுவே சொல்லத் தகுந்த கண்டுபிடிப்பு, அதைக் காரண-விளைவாக மாற்றத் தேவையில்லை.

அந்தப் பத்துப் பேரை "71 சதவீதத்தினர்" என்று எழுதுவது அடுத்த தவறு. ஒரே ஒருவர் பதிலை மாற்றிச் சொல்லியிருந்தால் அது 64 ஆகியிருக்கும். '14 பேரில் 10 பேர்' என்றே எழுதுங்கள்.

'குடிமை அடையாளம்' என்ற சொல்லை விளக்காமல் விடுவதும் பரவலாக நடக்கிறது. வாக்களிப்பதா, சமூகத்தோடு ஒட்டுறவா, தன்னால் மாற்றம் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கையா? நேர்காணலில் எதைக் கேட்டீர்களோ அதைச் சுருக்கத்தில் அரை வரியிலாவது சொல்லுங்கள்.

இதே ஆய்வின் சுருக்கத்தில் மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"ஓராண்டுக்கு மேல் தன்னார்வத் தொண்டில் இருக்கும் 14 இளைஞர்களை (18–24 வயது) ஒருமுறை நேர்கண்டு, பொதுப் பிரச்சினைகளில் தங்கள் பங்கை அவர்கள் எப்படி விவரிக்கிறார்கள் என்று ஆராய்ந்தோம். பத்துப் பேர் இந்தப் பங்குணர்வைத் தொண்டு அனுபவத்தோடு இணைத்துப் பேசினர். விலகியவர்களும் தொண்டில் ஈடுபடாதவர்களும் ஆய்வில் இடம்பெறாததால், தொண்டின் விளைவை இது அளவிடவில்லை."

கடைசி வாக்கியத்தைப் பலர் கூச்சப்பட்டு வெட்டிவிடுகிறார்கள். பலர் சுருக்கத்தோடு நின்றுவிடுவார்கள் என்பதால், வரம்பு அங்கேயே இருந்தாக வேண்டும்.

பரிந்துரை எழுதும்போதும் கவனம் தேவை. "எல்லா மாணவர்களுக்கும் தொண்டைக் கட்டாயமாக்க வேண்டும்" என்று முடிப்பவர்கள் உண்டு. நேர்காணலுக்கு வந்த 14 பேரும் விரும்பி வந்தவர்கள். கட்டாயத்தின் பேரில் வருபவர் என்ன உணர்வார் என்று அவர்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. பரிந்துரை வேண்டுமென்றால், விலகியவர்களையும் சேர்த்து, தொண்டில் சேரும்போதும் ஓராண்டு கழித்தும் நேர்காணும் ஆய்வைக் கேளுங்கள்.